ஓய்வு வாரம் உன்னை எப்படி வேகமாக்கும்: ஓட்டம் பழகும் மாணவிக்குப் பயிற்சியாளர் எழுதும் கடிதம்

அன்பு மாணவிக்கு,

அடுத்த வாரத்து அட்டவணையைப் பார்த்துவிட்டு நீ முகம் சுளித்திருப்பாய். இந்த வாரம் 40 கிலோமீட்டர் ஓடினாய், அடுத்த வாரத்துக்கு 24தான் போட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இன்டர்வெல் கிடையாது, சற்றுக் கடினமான வேகத்தில் சீராக ஓடும் டெம்போ ஓட்டம் கிடையாது, மூன்று நாள் ஷூவையே தொட வேண்டாம். 1500 மீட்டர் போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் எதற்கு இந்தக் குறைப்பு என்று கேட்பாய். நியாயமான கேள்வி. "சொன்னதைச் செய்" என்று முடித்துவிட்டால் நீ மறைவாகப் போய் ஓடிவிடுவாய் என்பதால், காரணத்தை முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் உன் நோட்டை எடு. கடந்த மூன்று செவ்வாய்க்கிழமைகளிலும் ஒரே பயிற்சிதான் செய்தாய்: 400 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றையும் 85 வினாடியில் ஓட வேண்டும், நடுவே 200 மீட்டர் மெதுவான ஜாகிங். முதல் வாரம் எட்டும் 84க்கும் 86க்கும் இடையில் வந்தன. இரண்டாவது வாரம் ஏறத்தாழ எல்லாமே 85. மூன்றாவது வாரம் முதல் மூன்று 85, பிறகு 86, 86, 87, கடைசி இரண்டு 88, 89. பக்கத்தில் நீயே எழுதி வைத்திருக்கிறாய்: "கால் கனமா இருக்கு, முதல் ரவுண்டிலேயே மூச்சு வாங்குது." அதற்குக் கீழே: "இன்னும் நிறைய ஓடணும்."

அந்தக் கடைசி வரியில்தான் எனக்கும் உனக்கும் தகராறு. அந்த மூன்று வாரத்தில் நீ 32, 36, 40 என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தாய். ஒரு நாளும் தவறவிடவில்லை. அப்படி ஓடிய ஒருத்திக்கு மூன்று வாரத்தில் உடல் தகுதி குறைவதற்கு வழியில்லை, கூடித்தான் இருக்கும். கூடிய தகுதி டைமிங்கில் தெரியவில்லை என்றால் அதற்கு மேல் வேறு ஏதோ படிந்திருக்கிறது என்று பொருள். அது களைப்பு. களைப்பின் மேல் இன்னும் ஓட்டத்தை ஏற்றினால் அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசி ரவுண்டு 91, 92 என்று போகும்.

தகுதி மெதுவாகக் குறையும், களைப்பு சீக்கிரம் வடியும்

எரிக் பானிஸ்டர் என்ற உடலியல் ஆய்வாளர் 1970களில் இதற்கு ஒரு எளிய கணக்கு போட்டார். நீ செய்யும் ஒவ்வொரு பயிற்சியும் ஒரே நேரத்தில் இரண்டைக் கூட்டுகிறது: தகுதியையும் களைப்பையும். டிராக்கில் நீ காட்டும் வேகம், தகுதியிலிருந்து களைப்பைக் கழித்தால் மிஞ்சுவது. இரண்டும் குறைவதில்தான் வித்தியாசம். பரவலாகப் பயன்படுத்தும் கணக்கில், சேர்ந்தது சுமார் 37 சதவீதமாகக் கரைவதற்குத் தகுதிக்கு 42 நாள், களைப்புக்கு 7 நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால், ஒருவர் ஒரு வாரம் முழுக்க ஓடாமல் இருந்தால்கூடச் சேர்த்து வைத்த தகுதியில் சுமார் 85 சதவீதம் நிற்கும், களைப்பில் சுமார் 37 சதவீதம்தான் நிற்கும். ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும், ஆகவே தசமத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. எது முதலில் கரைகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

நீ முழுக்க நிறுத்தவும் போவதில்லை, 24 கிலோமீட்டர் ஓடப் போகிறாய். அதனால் உன் தகுதி இறங்குவது இன்னும் குறைவாக இருக்கும், களைப்பு மட்டும் வடியும். இரண்டுக்கும் நடுவில் விரியும் அந்த இடைவெளிதான் டைமிங்காக வெளியே வருகிறது.

"ஒரு வாரத்தில் ஸ்டாமினா போய்விடும்" என்ற பயம் எல்லா ஓட்டக்காரர்களுக்கும் உண்டு. நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் அடியோடு நிறுத்திவிட்டால் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அதிகபட்ச அளவு முதல் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதம் குறைந்ததாக 1980களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதாவது, மூன்று வாரம் கட்டிலில் கால் நீட்டி இருந்தால் நீ பயப்படுவது நியாயம். தூரத்தை மட்டும் ஒரே ஒரு வாரம் குறைப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதலில் ஓடிய ரோஜர் பானிஸ்டருக்கும் (பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் வேறு ஆள்) இதுதான் நடந்தது. 1954 வசந்தத்தில் அவர் கால் மைல் தூரத்தைப் பத்து முறை ஓடும் பயிற்சி செய்துவந்தார். ஒவ்வொன்றும் 61 வினாடிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஓட்டத்தை விட்டுவிட்டு நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்தில் சில நாள் மலையேறப் போனார். திரும்பி வந்து ஓடியபோது 59 வந்தது. மே 6ஆம் தேதி ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் முடித்தார். மலையேறுவதை ஓய்வு என்று நான் சொல்ல மாட்டேன், நீயும் அதைப் பார்த்துச் செய்யாதே. ஆனால் அந்தச் சில நாளில் அவர் புதிதாக எந்த ஓட்டத் தகுதியையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இருந்த தகுதிதான் வெளியே வந்தது.

உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் வேறு வேறு நாள் கணக்கு

வாரத்தில் ஏற்கெனவே இரண்டு நாள் ஓய்வு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பாய். தசைக்கு ஓரளவு போதும். மற்றவற்றுக்குப் போதாது.

தசையில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து எரிபொருள், கடினமான ஓட்டத்துக்குப் பின் சரியாகச் சாப்பிட்டால் ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். தசையில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தைச் சரிசெய்யும் வேலையும் முதல் இரண்டு நாளில்தான் வேகமாக நடக்கும். இதனால்தான் செவ்வாய் கடின ஓட்டம், புதன் மெதுவான ஓட்டம், வியாழன் மறுபடி கடினம் என்று வைக்க முடிகிறது.

தசையை எலும்போடு கட்டும் தசைநாண், குறிப்பாகக் குதிகாலுக்கு மேலே கயிறுபோலத் தொட்டால் தெரிகிறதே அது, தசையைவிட மெதுவாகத்தான் தேறும். கடினமான பயிற்சி முடிந்த முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் அங்கே கட்டுவதைவிடச் சிதைவது அதிகம். அதற்குப் பிறகுதான் கட்டும் பக்கம் சாயும். அந்த நேரம் வருவதற்குள் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தால் கணக்கு எப்போதும் கடனில்தான் நிற்கும்.

எலும்புதான் எல்லாவற்றையும்விடப் பொறுமைசாலி. ஓட்டத்தின் அதிர்வு கூடும்போது எலும்பு முதலில் தேய்ந்த பகுதியைக் கரைத்து எடுக்கிறது. அதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். கரைத்த இடத்தில் புது எலும்பை நிரப்பிக் கெட்டிப்படுத்த மூன்று மாதம் வரை ஆகலாம். நடுவிலுள்ள வாரங்களில் அந்த இடம் முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். தூரத்தைக் கூட்டிய சில வாரம் கழித்து, "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது முன்பக்கக் கால் எலும்பில் விரிசல் தொடங்குவது இதனால்தான். மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் இறக்குகிறேன் என்றால், இந்தப் பலவீனமான கட்டத்தில் அதிர்வைக் குறைப்பதும் அதில் ஒரு நோக்கம். ஒரு வாரத்தில் எலும்பு முழுதாகக் கெட்டிப்படாது, அப்படி நான் சொல்லவில்லை. கட்டும் வேலை பின்தங்கிப் போகாமல் இருக்க அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

உன் வயதில் இது இன்னும் முக்கியம். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பின் பெரும்பகுதியை நீ இருபது வயதுக்குள் சேர்த்துவிடுவாய். உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் எலும்பு நீளுகிற வேகத்துக்குத் தசையும் தசைநாணும் ஈடு கொடுக்காமல் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் இழுப்பு வரும். சுவரில் பென்சில் கோடு போட்டு மாதம் ஒருமுறை உயரம் பார்க்கச் சொன்னது அதற்குத்தான். ஒரு மாதத்தில் சட்டென்று கூடியிருந்தால் சொல். அந்தக் காலத்தில் நான்காவது வாரம் வரை காத்திருக்காமல் மூன்றாவது வாரத்திலேயே இறக்கிவிடுவோம்.

அடுத்த வாரம் செய்ய வேண்டியது

விதி ஒன்றுதான்: தூரத்தைக் குறை, வேகத்தை முழுக்க விட்டுவிடாதே. போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைப்பது பற்றிய பல ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, தூரத்தை 40 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தை அப்படியே வைத்திருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம் என்று தெரிந்தது. நமது வாரம் போட்டிக்கு முந்தைய வாரம் அல்ல, இடையில் வரும் வாரம். ஆகவே குறைப்பின் கீழ் எல்லையில் நிற்கிறேன்: 40இலிருந்து 24, அதாவது 40 சதவீதம்.

- திங்கள்: ஓட்டம் இல்லை.
- செவ்வாய்: 5 கிலோமீட்டர் மெதுவாக. பேசிக்கொண்டே ஓடும் வேகம், உனக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 வினாடியிலிருந்து 6 நிமிடம் வரை.
- புதன்: ஓட்டம் இல்லை.
- வியாழன்: மொத்தம் 6 கிலோமீட்டர். 2 கிலோமீட்டர் வார்ம்அப், 400 மீட்டர் நான்கு முறை 85 வினாடியில், நடுவே 200 மீட்டர் ஜாகிங், மிச்சம் கூல்டவுன்.
- வெள்ளி: ஓட்டம் இல்லை.
- சனி: 5 கிலோமீட்டர் மெதுவாக. முடிவில் 80 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் நான்கு, அதாவது இறுக்கமில்லாமல் வேகத்தைக் கூட்டி ஓடும் சிறு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்தே திரும்பி வா.
- ஞாயிறு: 8 கிலோமீட்டர் மெதுவாக. போன ஞாயிறு 12 ஓடினாய்.

வேகப் பயிற்சியைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு ஏன் தள்ளினேன் என்றால், ஞாயிறு 12 கிலோமீட்டரின் கனம் உன் காலில் செவ்வாய் வரை நிற்கிறது. வியாழனுக்குள் அது இறங்கிவிடும், நான்கு ரவுண்டும் 85இல் சுலபமாக வரும். நான்காவது முடிந்ததும் "இன்னும் நாலு ஓடலாம் போல இருக்கு" என்று தோன்றும். தோன்றினால் பயிற்சி சரியாக நடந்தது என்று எடுத்துக்கொண்டு ஸ்பைக்ஸைக் கழற்று.

நான்கு ரவுண்டுகூட எதற்கு, எல்லாவற்றையும் மெதுவாகவே ஓடினால் என்ன என்றால், கால் அந்த வேகத்தின் தாளத்தை மறந்துவிடும். முழு வாரமும் மெதுவாகவே ஓடியவர்கள் திரும்பி வரும் முதல் இன்டர்வெல்லில் கால் ஒத்துழைக்கவில்லை என்று புலம்புவார்கள். தகுதி எங்கும் போயிருக்காது, காலுக்குப் பழக்கம்தான் விட்டிருக்கும். சிறிய அளவில் வேகத்தைத் தொட்டு வைத்தால் அது வராது.

ஜிம் பயிற்சியையும் குறை. மூன்று செட் செய்யும் இடத்தில் ஒரு செட், அதுவும் ஒரே நாள். துள்ளிக் குதிக்கும் பயிற்சிகள் இந்த வாரம் வேண்டாம், அவை எலும்புக்கும் தசைநாணுக்கும் ஓட்டத்தைவிடக் கூடுதலான அடி.

ஓய்வு வாரம் எப்படியெல்லாம் வீணாகும்

முதல் ஆபத்து புதன்கிழமை வரும். ஓடாமல் இருக்கும்போது கால் லேசாகிவிடும் என்று எதிர்பார்ப்பாய், நேர்மாறாகக் கால் மரத்துப்போனதுபோல மந்தமாக இருக்கும். தூக்கம் தூக்கமாக வரும், எரிச்சல் வரும். செவ்வாய் 5 கிலோமீட்டர் ஓட்டமே கனமாகத் தெரியலாம். "பாருங்க, ஓடாம இருந்ததால கெட்டுப்போச்சு" என்று எனக்குச் செய்தி அனுப்பத் தோன்றும். ஏறக்குறைய எல்லோருக்கும் ஓய்வு வாரத்தின் முதல் மூன்று நாள் இப்படித்தான் போகும். இதுநாள்வரை பயிற்சியின் வேகத்தில் உணராமல் இருந்த களைப்பு இப்போது தெரிகிறது. அனேகமாக வெள்ளி, சனிக்குள் மாறும். அந்தப் புதன்கிழமை மந்தத்தைப் போக்க ஒரு சின்ன ஓட்டம் போடுகிறவர்கள்தான் வாரத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, மெதுவான ஓட்டம் மெதுவாக இல்லாமல் போவது. சனிக்கிழமை கால் தேறியிருக்கும். 5:45இல் ஓட வேண்டியதை 5:05இல் ஓடிவிட்டு, "நான் கஷ்டப்பட்டு ஓடல, அதுவாவே வந்துச்சு" என்பாய். அதுவாகவே வந்திருக்கலாம். ஆனால் நாம் சேர்த்து வைத்ததை யாரும் பார்க்காத ஒரு சனிக்கிழமை செலவழித்துவிட்டாய். கைக்கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைப் பிடித்து வை. மூக்கால் மட்டும் மூச்சு விட்டு ஓட முடிந்தால் சரியான வேகம்.

மூன்றாவது, ஓட்டத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது. வெள்ளி மதியம் தோழிகளோடு ஒரு மணி நேரம் பந்து விளையாட்டு, விளையாட்டு வகுப்பில் நூறு மீட்டர் போட்டி, வீட்டில் வீடியோ பார்த்து ஸ்குவாட். கால் கணக்கில் எல்லாம் ஒன்றுதான். திசை மாற்றி மாற்றி ஓடும் விளையாட்டு சமயத்தில் இன்டர்வெல்லைவிட மோசம். விளையாட்டு வகுப்பு ஆசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ தயங்க வேண்டாம். நடக்கலாம், மெதுவாக நீந்தலாம், அரை மணிக்கு மேல் வேண்டாம்.

நான்காவதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பெண் பிள்ளைகளிடம் இதுதான் அதிகம் நடக்கிறது: "குறைவாகத்தானே ஓடுகிறேன்" என்று சாப்பாட்டைக் குறைப்பது. இந்த வாரம்தான் உடம்பு கட்டுகிறது. கட்டப் பொருள் வேண்டும். நீ ஓடும் தூரம் 16 கிலோமீட்டர் குறைகிறது, அதாவது நாளுக்குச் சராசரியாக இரண்டேகால் கிலோமீட்டர். அதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் மிச்சப்படுத்தியதைவிட அதிகமாக இழப்பாய். பசித்தால் சாப்பிடு, மூன்று வேளையும் புரதம் இருக்கட்டும். எடை அரைக் கிலோ, ஒரு கிலோ கூடித் தெரிந்தால் கலங்காதே, தசையில் மாவுச்சத்து நிரம்பும்போது அதோடு தண்ணீரும் சேரும். போட்டி நாளில் உனக்கு வேண்டியது அதுதான்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரி: உன் வயதில் இரவு எட்டு முதல் பத்து மணி நேரம். ஓடாத நாளில் மிச்சமாகும் நேரத்தில் விடியும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் போட்ட அட்டவணையைக் கிழித்துப் போடலாம்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன், கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்கப் பல்ஸ் எண்ணு. முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் பிழையும் இரண்டால் பெருகும். உன் வழக்கமான எண் 56 என்று நோட்டில் இருக்கிறது. இந்த வாரம் ஞாயிறு, திங்கள் அது 62, 63 என்று இருந்தால் களைப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். வார இறுதியில் 55, 57 என்று பழைய இடத்துக்கு வர வேண்டும். ஒரு நாள் கூடியதை வைத்து முடிவு கட்டாதே. சரியாகத் தூங்காவிட்டாலும், சளி பிடிக்கப் போகிறது என்றாலும், மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியிலும் பல்ஸ் இரண்டு மூன்று கூடும். மூன்று நாள் தொடர்ந்து ஐந்துக்கு மேல் கூடியிருந்தால்தான் எனக்குச் சொல்.

பல்ஸைவிட நான் நம்புவது வியாழக்கிழமை நான்கு ரவுண்டை. டைமிங் 85தான் இருக்கும், அதை மாற்றக் கூடாது. மூன்றாவது ரவுண்டு முடிந்து 200 மீட்டர் ஜாகிங் செய்யும்போது எவ்வளவு தூரத்தில் முழு வாக்கியம் பேச முடிகிறது என்று பார். போன செவ்வாய் 200 முடியும்வரைக்கும் முடியவில்லை. வியாழன் 100 மீட்டரிலேயே முடிந்தால், அதே வேகம் உனக்கு இப்போது மலிவாகக் கிடைக்கிறது என்று பொருள். வேகம் கூடுவது முதலில் இப்படித்தான் தெரியும், கடிகாரத்தில் பிறகுதான் வரும்.

ஓய்வு வாரம் சரிசெய்யாத விஷயங்களும் உண்டு. கால் எலும்பின் முன்பக்கம் முழுக்கப் பரவலாக வலித்து, ஓட ஓட இளகினால் அது பெரும்பாலும் குறைத்து ஓடினால் அடங்கும். ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தால், ஓட ஓடக் கூடினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், வாரத்தின் மிச்ச ஓட்டத்தை விட்டுவிட்டு அன்றே என்னிடமும் வீட்டிலும் சொல். அடுத்து மருத்துவர்தான், நானில்லை. வலியை மறைத்து ஓடுகிறவளுக்கு மூன்று நாள் இழப்பு மூன்று மாத இழப்பாகிவிடும்.

இன்னொன்று, மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால், "நிறைய ஓடினால் அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் நம்பாதே. செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்று உடம்பு கொடுக்கும் அறிவிப்பாக இருக்கலாம். எலும்பும் அதே நேரத்தில் பலம் இழக்கும். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அம்மாவிடம் சொல், அவர் எனக்குச் சொன்னால் போதும். ஒரு வாரம் குறைத்து ஓடுவதால் இது தீராது, மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதேபோல் ஓய்வு வாரம் முடிந்தும் பல்ஸ் இறங்கவில்லை, படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் இரும்புச்சத்துப் பரிசோதனை செய்து பார்ப்போம். பரிசோதனை செய்யாமல் மாத்திரை வாங்கிப் போடாதே.

உன் தங்கையும் இப்போது ஓட வருகிறாளே, அவளுக்கும் இந்த அட்டவணையைக் கொடுத்துவிடாதே. வாரம் மூன்று நாள், மொத்தம் 12 கிலோமீட்டர் ஓடுகிறவளுக்கு ஒவ்வொரு நாளுக்கும் நடுவிலேயே போதிய ஓய்வு இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் ஓட்டமும் அதில் இரண்டு கடின நாளும் வந்த பிறகுதான் இப்படி ஒரு வாரம் ஒதுக்க வேண்டிய தேவை வரும். பள்ளியில் தேர்வு வந்தால் ஓய்வு வாரத்தை அந்த வாரத்துக்கு நகர்த்திக்கொள்வோம். தேர்வுக்குக் கண் விழித்துப் படிப்பதும் சேர்ந்தால் குறைத்து ஓடியும் களைப்பு வடியாது, இது இரண்டாம் பட்ச ஏற்பாடுதான். ஆனாலும் தேர்வு வாரத்தில் 40 கிலோமீட்டர் ஓடுவதைவிட மேல்.

திரும்பி வரும் வாரம்

ஞாயிறு இரவு உனக்குப் பறக்க வேண்டும்போல இருக்கும். இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, விட்டதைப் பிடிக்கிறேன் என்று நேராக 44க்குப் போவது. நாம் 36இல் தொடங்குகிறோம், அதற்கு அடுத்த வாரம் 40, அதற்கும் அடுத்தது 42. நான்காவது வாரம் போட்டி வாரம், அதன் அட்டவணை தனி. எலும்பின் நாள் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள், ஏன் 44 இல்லை என்று புரியும்.

இரண்டாவது பொறி, கால் லேசாக இருக்கிறதே என்று செவ்வாய்க்கிழமை முதல் ரவுண்டையே 79இல் போடுவது. அப்படிப் போட்டால் ஐந்தாவது ரவுண்டில் நின்றுவிடுவாய், ஓய்வு வாரம் பலிக்கவில்லை என்ற முடிவுக்கும் வந்துவிடுவாய். எட்டு ரவுண்டு, முதல் ஆறும் 85, ஒரு வினாடிகூட முன்னே பின்னே வேண்டாம். ஏழாவதும் எட்டாவதும் உன் விருப்பத்துக்கு விடுகிறேன். மூன்றாவது வாரம் 88, 89 வந்த இடம் அது. அங்கே 83, 82 வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 85இலேயே நின்றாலும், மூச்சு அடங்கி, தோள் இறுகாமல் முடித்தாய் என்றால் எனக்குப் போதும். மறுபடி 87, 88 என்று சரிந்தால் வேறு காரணம் தேடுவோம்: தூக்கம், சாப்பாடு, வரப்போகும் காய்ச்சல், அல்லது உன் களைப்பு ஒரு வாரத்தில் வடியாத அளவுக்கு ஆழமாக இருக்கிறது. அப்படியானால் இன்னொரு வாரம் 28 கிலோமீட்டர் ஓடுவோம். போட்டிக்கு நான்கு வாரம் இருக்கும்போது ஒரு வாரத்தைக் கொடுத்துவிடலாம், கடைசி வாரத்தில் கொடுக்க முடியாது.

தினமும் நோட்டில் நான்கு எழுது: காலைப் பல்ஸ், தூங்கிய மணி நேரம், ஓடிய தூரம், கால் எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வார்த்தை. புதன்கிழமை அந்த இடத்தில் "மந்தம்" என்று எழுதினால் அதற்கு மேல் ஒன்றும் செய்யாதே. வியாழன் நான்கு ரவுண்டின் டைமிங்கை மட்டும் அன்று மாலையே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் கோச்